எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை

இரத்தினசிங்கத்துக்குக் கால் ஒரு இடத்தில் தரிக்காது. கல்யாணம் கட்டி முதல் வருஷத்திலேயே எனக்கு அது விளங்கிவிட்டது. தேத்தண்ணீர் குடிக்கும்போதும் நடப்பார், பேப்பர் வாசிக்கும்போதும் நடப்பார். ரயில்வே வேலைத்தலத்தில் இயந்திரங்களுக்கு வரைபடம் கீறுகிற வேலையை எட்டு மணித்தியாலம் எப்படி இருந்து செய்தாரோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

எங்களுக்கு வங்கியிலிருந்து தபாலில் கடன் அட்டை வந்ததோடு இந்த மனிசனின் நடை இரண்டு மடங்காகிவிட்டது. ஐந்நூறு டாலர் வரைக்கும் கடைகளில் அட்டையைக் காட்டிச் சாமான் வாங்கலாம். காசு பிறகு கட்டலாம். மற்றவர்கள் அட்டையைப் பார்த்தார்கள். இவர் மாதக்கணக்கைப் பார்த்தார். ஒவ்வொரு மாதமும் அந்த ஸ்டேட்மென்ட் வந்தால் குசினி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி நடந்தபடி வாசிப்பார். எனக்குத் தலை சுற்றும்.

"நாகேஸ், இஞ்ச வந்து பார். மாசம் பதினாலாம் திகதி கணக்கை மூடுறாங்கள். மூடினதிலயிருந்து இருபத்தைஞ்சு நாளைக்குள்ள முழுக்காசையும் கட்டினா ஒரு சதம் வட்டியில்லை. அப்ப, பதினைஞ்சாம் திகதி ஒரு சாமான் வாங்கினா, அது அடுத்த மாசம் பதினாலாம் திகதி மூடுற கணக்கிலதான் வரும். பிறகு இன்னும் இருபத்தைஞ்சு நாள். ஐம்பத்தைஞ்சு நாளப்பா! வட்டியில்லாமல்!"

"அப்ப பதினாலாம் திகதி வாங்கினா?"

"இருபத்தைஞ்சு நாள்தான். ஒரு நாளில ஒரு மாசம் போச்சு!"

அதிலிருந்து எங்கள் வீட்டில் பதினைந்தாம் திகதிக்கு முன்னர் ஒரு பொருளும் அட்டைக்கு வாங்கக் கூடாது என்று சட்டம். எங்கள் சின்ன மகனின் சப்பாத்து வாய் பிளந்து சிரிக்கும். "இன்னும் மூன்று நாள் பொறு ராசா" என்பார். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அந்தச் சப்பாத்தாலேயே இவரைச் சாத்த வேணும் போலிருக்கும்.

ஆனாலும் சொல்ல வேணும், ஊர்ச்சனத்துக்கு இவர்தான் வங்கி. அந்த நாளில் சிட்னியில் இருந்த எங்கள் ஆட்கள் கொஞ்சம் பேர். நிரந்தர வேலை இல்லாதவர்களுக்கு அட்டை கிடையாது. "அண்ணை, உங்கட கார்டில எடுத்துத் தாங்கோ, காசு தாறம்" என்று வருவார்கள். இவர் கடைக்குக் கூட்டிப்போவார், கையெழுத்துப் போடுவார். பிறகு அவர்கள் காசு தரும்வரைக்கும் வீட்டுக்குள் நடப்பார்.

எழுபத்தெட்டாம் ஆண்டு ஓகஸ்டில் அப்படி வந்த விமலாதேவி ஒரு உடுப்புத் தோய்க்கிற மெஷின் கேட்டாள். இரட்டைக் குழந்தைகள், ஆறு மாதம். பொழுது முழுதும் துணி தோய்த்துத் தோய்த்து அவளின் கை புண்ணாகிக் கிடந்தது. அவளின் புருஷன் இந்திரகுமாருக்குச் செவன் ஹில்ஸில் ஒரு தகரப் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. "செவ்வாய்க்கிழமை மட்டும் பொறு தங்கச்சி, பதினைஞ்சாம் திகதி வாங்குவம்" என்று இவர் மன்றாடினார். மலிவு விற்பனை சனிக்கிழமையோடு முடிகிறது என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். பன்னிரண்டாம் திகதி வாங்கினோம். நூற்றுத்தொண்ணூறு டாலர்.

ஸ்டேட்மென்ட் வந்தது. மொத்தம் முந்நூற்று மூன்று. விமலாவின் மெஷின், எங்கள் ஊர்த் தேவராஜா ஜூலை பதினேழில் வாங்கிய நாற்பத்திரண்டு டாலர் ஹீட்டர், மிச்சம் எழுபத்தொன்று எங்களுடையது. கட்ட வேண்டிய கடைசி நாள் செப்டெம்பர் எட்டு. வெள்ளிக்கிழமை.

மற்ற மாதமென்றால் இவர் வெறுமனே நடந்திருப்பார். இந்த முறை ஓடாத குறை. செவன் ஹில்ஸில் ஒரு வீடு பார்த்திருந்தோம். மூன்று அறை, பின்னுக்கு ஒரு எலுமிச்சை மரம். வீட்டுக் கடனுக்கு வங்கி மனேஜர், சேமிப்புப் புத்தகத்தோடு ஆறு மாத ஸ்டேட்மென்டும் கொண்டு வரச் சொல்லியிருந்தார். கடனை எப்படிக் கட்டுகிறோம் என்று பார்க்க. ஐந்து மாதம் துப்புரவாக இருந்தது, வட்டி என்ற வரியே இல்லை. அடுத்து வரப்போவதுதான் ஆறாவது. இரண்டு வாடகை வீடு மாறி, ஈரம் ஊறின சுவரோடு மூன்று வருஷம் கிடந்த எனக்கு, அந்த எலுமிச்சை மரம் கனவிலும் வந்தது.

தேவராஜா காசு தந்துவிட்டார். விமலாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. புதன்கிழமை இரண்டு பேருமாகப் போய்க் கேட்டோம். அவள் ஸ்டேட்மென்டைப் பறித்துப் பார்த்தாள்.

"அண்ணை, இதில பதினைஞ்சு டாலர்தானே கட்டச் சொல்லிக் கிடக்கு? நீங்கள் ஏன் என்னட்ட நூற்றுத்தொண்ணூறு கேக்கிறீங்கள்?"

"அது மினிமம் பிள்ளை. அதைக் கட்டினா எங்களைக் குழப்படிக்காரர் எண்டு சொல்ல மாட்டாங்கள், அவ்வளவுதான். மிச்சத்துக்கு வட்டி போடுவாங்கள். மிச்சத்துக்கு மட்டுமில்லை, வாங்கின நாளிலயிருந்து எல்லாத்துக்கும். தேவராஜான்ர ஹீட்டருக்கும் சேத்து. முழுக்கக் கட்டி முடிக்கும் வரைக்கும் புதுசா என்ன வாங்கினாலும் அண்டைக்கே வட்டி தொடங்கும்."

"தேவராஜா அண்ணைக்கு ரெண்டு மாசம் கிட்டக் குடுத்தீங்கள். எனக்கு ஒரு மாசமும் இல்லை. அவர் உங்கட ஊர், நான் வேற ஊர். அதுதானே?"

இவருக்கு முகம் செத்துவிட்டது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "ஏன்டி, இந்த மனிசன் உனக்குப் பொறு பொறு எண்டு தலைகீழா நிண்டதே, அது ஊர் பாத்தோ?" என்று நான் கத்த, குழந்தைகள் இரண்டும் சேர்ந்து கத்த, "நாளைக்குத் தாறன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

வியாழக்கிழமை பின்னேரம் போனேன். விளக்கு வைத்தாயிற்று, இனிக் காசு வெளியே போகக் கூடாது என்றாள். சரி. வெள்ளிக்கிழமை காலை போன் எடுத்தேன். "அக்கா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை. லட்சுமியை வீட்டை விட்டு அனுப்பச் சொல்லுறீங்களோ?"

ஐயோ, என் தலைவிதியே! வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வங்கி பூட்டினால் எல்லாம் முடிந்தது. இவர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, குசினிக்கும் வாசலுக்கும் நடந்து நிலத்தைத் தேய்த்தார். "சேமிப்பில கை வைக்கட்டோ?" என்று கேட்டார். அதுவும் ஏலாது, வீட்டுக்கு முற்பணமாகச் சேர்த்ததை மனேஜருக்குக் காட்ட வேணும்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஒன்று தட்டுப்பட்டது. வெள்ளிக்கிழமை காசு கொடுக்கக் கூடாது. ஆனால் உப்பு வாங்கலாம். வெள்ளியில் உப்பு வாங்கினால் லட்சுமி வீட்டுக்குள் வருகிறாள் என்றுதான் அம்மாவும் சொல்லுவா. மூலைக் கடையில் புது உப்புப் பக்கட் ஒன்று வாங்கிக்கொண்டு, இவரைக் காரை எடுக்கச் சொல்லி விமலா வீட்டுக்குப் போனேன். இவரைக் காருக்குள் இருத்திவிட்டு உள்ளே போய், பக்கட்டை மேசையில் அடித்து வைத்தேன்.

"இந்தா. இதை நான் உனக்கு விக்கிறன். விலை நூற்றுத்தொண்ணூறு டாலர். உன்ர லட்சுமி ஒரு இடமும் போக மாட்டா. எடு காசை!"

சிரிப்பாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். அவள் உப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கதிரையில் பொத்தென்று இருந்து, முந்தானையை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"அக்கா, இவரை வேலையிலயிருந்து நிப்பாட்டிப் போட்டாங்கள். மூண்டு கிழமையாச்சு. நாற்பது பேரை ஒரே நாளில நிப்பாட்டினவங்கள். ஒருத்தருக்கும் சொல்லாதேயுங்கோ அக்கா, இவர் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுப் பெட்டியையும் கொண்டு வெளிக்கிட்டுப் போறார், பார்க்கில இருந்திட்டு வாறார். வாடகை குடுத்தாச்சு. என்னட்ட இருபது டாலர்தான் கிடக்கு."

அலமாரியில் பால்மா டின் ஒன்று மட்டும் இருந்தது. ஊர் என்றதும், விளக்கு என்றதும், வெள்ளி என்றதும் எல்லாம் அந்த இருபது டாலரை மறைக்கத்தான். இந்த மடைச்சி நான் அவளோடு உப்பு வியாபாரம் பேசப் போனேன். வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. எவர் மீது கோபம் என்று மட்டும் தெரியவில்லை.

காருக்கு வந்து சொன்னேன். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். கால்கூட ஆடவில்லை. அதைப் பார்க்க எனக்குப் பயமாயிருந்தது.

வங்கிக்குள் நாலே முக்காலுக்குப் போனோம். கையில் நூற்றுப்பதின்மூன்று டாலர். எங்களுடையதும் தேவராஜாவினுடையதும். அதையெல்லாம் கட்டப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இவர் பதினைந்து டாலரை மட்டும் எண்ணித் தாளோடு தள்ளினார். "மினிமம் ஒன்லி" என்றார். அந்தச் சொல்லை இவரின் வாயில் ஒரு நாளும் கேட்டதில்லை.

"விசரே உங்களுக்கு? கையில கிடக்கிறதையும் கட்டினா வட்டி குறையுமே!"

"குறையும். தெரியும். ஆனா எப்பிடியும் வட்டி வரும், வந்தா அந்த வரியும் வரும். அது ஒரு டாலரோ அஞ்சு டாலரோ, மனேஜருக்கு ஒண்டுதான். பிள்ளையளுக்குப் பால் இருக்கிறதும் இல்லாததும் ஒண்டில்லை. தேவராஜான்ர வட்டியும் என்ர கணக்கு. நட, கடை பூட்டப் போறாங்கள்."

அரிசி, பருப்பு, பால்மா, கோழி, குழந்தைகளுக்குத் துவாய் எல்லாம் வாங்கினோம். மிச்சக் காசை ஒரு கடித உறைக்குள் வைத்து, விமலா வீட்டு மேசையில் வைத்துவிட்டு வந்தோம். இந்திரகுமாருக்கு ரயில்வேயில் ஆள் எடுக்கிற இடத்தையும் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த ஸ்டேட்மென்டில் அந்த வரி வந்தது. வட்டி, ஐந்து டாலர் சொச்சம். இவர் அதை மேசையில் வைத்து, நடக்காமல், இருந்தபடியே வாசித்தார்.

இருபதாம் திகதி மனேஜரிடம் போனோம். ஆறு தாளையும் வரிசையாக வைத்தோம். மனேஜர் ஐந்தைப் புரட்டிவிட்டு ஆறாவதில் விரலை வைத்து, "இந்த மாதம் என்ன நடந்தது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். நாற்பது பேரை நிறுத்திய கதையையும், பார்க்கில் இருக்கிற புருஷனையும், இரட்டைப் பிள்ளைகளையும் அந்த மனிசனின் மேசையில் கொட்டினால் ஒருவேளை மனம் இளகும், வீடு கிடைக்கும். மேசைக்குக் கீழே என் காலில் இவரின் சப்பாத்து அழுத்தியது.

"கட்டவேண்டிய திகதி எனக்கு மறந்து போச்சு, சேர்" என்றார்.

திகதி! பதினான்கும் பதினைந்தும் எட்டும் நித்திரையிலும் சொல்லுகிற மனிசன். மனேஜர் பேனையை மூடினார். இப்படிக் கவனக்குறைவாக இருக்கக் கூடாது, ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு வா என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அந்த வீடு போய்விட்டது. வெளியே வந்து காரில் ஏறினதும் எனக்கு அழுகை வந்தது. இந்த மனிசனை உதைக்கவும் வேணும் போலிருந்தது, கட்டிப்பிடிக்கவும் வேணும் போலிருந்தது. ரோட்டில் சனம் போய்க்கொண்டிருந்தபடியால் இரண்டையும் செய்யாமல், இவரின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தேன்.