பெட்டியிலேயே இருந்த ஒயர்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் வேலை செய்கிறேன். ஒரு நாள், முந்தின நாள்தான் புது போன் வாங்கிய வல்லத்துக்காரர் போன், சார்ஜர் எல்லாம் போட்ட பெட்டியோடு வந்து அதை மேசையில் எறிந்தார்.

"பெரிய சார்ஜர்னு சொன்னீங்களே, நாலு மணி நேரமா ஏறுது! கண்ணாடி ஒட்டுறேன்னு வாங்கி இந்த ஊமையன் பேட்டரிய மாத்திட்டான்!"

முதலாளி என்னை முறைத்தார். "மாத்துனியா? மாத்தியிருந்தா இப்பவே கெளம்பு. இந்தப் பக்கமே வராத."

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பெட்டியைத் திறந்து பார்த்தேன். சார்ஜரில் மாட்டியிருந்தது அவருடைய பழைய போனின் ஒயர். புதுசு அழுக்காகிவிடும் என்று, கூட வந்த ஒயரைப் பெட்டியிலேயே வைத்திருந்தார். எங்கள் பக்கம் பலர் இப்படித்தான். அந்த மெல்லிய ஒயர் அதிக மின்சாரத்தைத் தாங்காது. சார்ஜரும் போனும் ஒன்றையொன்று அடையாளம் காணும் கம்பியும் அதில் கிடையாது. அதனால் எவ்வளவு பெரிய சார்ஜரும் சாதா வேகத்தில்தான் ஏற்றும்.

பெட்டியிலிருந்த ஒயரின் உறையைக் கிழித்து மாட்டினேன். திரையில் 'வேக சார்ஜ்' என்று வந்தது.

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னா, வாயில கொழுக்கட்டையா?" என்று அவர் போனைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

"அவரு கேக்குறது நியாயந்தான?" என்றார் முதலாளி.

வேலை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து முதலாளி முகத்தைப் பார்த்து நான் பேசுவதில்லை.

ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை.