அட்டையில் இல்லாத கை

தலைமை நர்ஸ் முதலில் எழுதிய விருதுப் பரிந்துரை இரண்டு பக்கம் நீண்டது. 'தன்னலமற்ற', 'அயராத' என்று வார்த்தைகளை அள்ளிக் கொட்டியிருந்தாள். ஒரு பக்கம் தாண்டினால் குழு படிக்காது என்பதால் அத்தனையையும் அடித்தாள். மிஞ்சியது வேலை மட்டும்தான்: வார்டு ஆயாம்மா படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்கத் தொடங்கினாள். அதற்கு முந்தைய வருடம் படுக்கைப்புண் வந்தவர்கள் முப்பத்தொரு பேர். மறுவருடம் ஆறு பேர். நோயாளிகளின் எண்ணிக்கையோ ஏறக்குறைய அதேதான். ஆதாரமாக, புரட்டிய நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போடக் கட்டில்தோறும் தொங்கிய அட்டைகளின் நகல்களை இணைத்தாள்.

"என்னைப் பத்தி எழுத என்னம்மா இருக்கு?" என்று ஆயாம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

விருதுக் குழுவின் செயலாளரான ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி போன் செய்தார். "பிரமாதம் சிஸ்டர். ஆனா அட்டையில எங்கயும் அவங்க பேரு இல்லையே. எல்லாம் உங்க கையெழுத்துதான்."

"ஆயாங்க கையெழுத்துப் போடக்கூடாதுன்னு விதி வச்சதே நீங்கதானே சார்!"

"விதி விதிதானே சிஸ்டர். ஆதாரம் யாரைக் காட்டுதோ அவங்களுக்குத்தான் கொடுக்க முடியும்."

தனக்கு விருது வேண்டாம் என்று தலைமை நர்ஸ் எழுதிக் கொடுத்தாள். யாரும் சட்டை செய்யவில்லை. விழாவில் வாசித்தது அவள் எழுதிய அதே பக்கம்தான். பெயர் மட்டும் மாறியிருந்தது.

கேடயத்தைக் கைப்பையில் திணித்துக்கொண்டு வார்டுக்கு வந்தாள். ஆயாம்மா ஆறாம் கட்டில்காரரைப் புரட்டி முடித்து, வியர்வையைத் துடைத்தபடி அட்டையை நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்கம்மா, நேரமாச்சு."

தலைமை நர்ஸ் போட்டாள்.