லேத்துக்குப் பின்னால் நின்ற நீல ஆள்

நான் உருவாக்கிய பலகை ஆட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை தேறாவிட்டால், மறுநாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் விட்டுவந்த பழைய லேத் பட்டறைக்கே போய்விடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஆட்டம் தேறும் என்று அவள் நம்பவில்லை போலும். பட்டறைக்குப் போடும் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டிவைத்துவிட்டாள்.

கொரட்டூரில் எங்கள் கூடத்தில் பலகையை விரித்தேன். பலகை விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனத்திலிருந்து ஓர் அம்மா ஆடிப் பார்க்க வந்திருந்தார். மூன்றாவது ஆட்டக்காரன் பட்டறைக் காலத்து நண்பன். ஆளுக்கு மூன்று மர ஆட்கள். லேத், டிரில்லிங், வெல்டிங் என்று எட்டு இடங்கள். முறைக்கு ஓர் ஆளை வைத்தால் அந்த வேலை நடக்கும். ஒருவர் வைத்த இடத்தில் இன்னொருவர் வைக்க முடியாது. எட்டு இடம், ஒன்பது ஆள். போட்டி அனல் பறக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அனலாவது மண்ணாவது! சுற்றுக்கு ஒருவர் சும்மா உட்கார்ந்ததுதான் மிச்சம். இதற்கு முன் இடங்களைக் கூட்டிப் பார்த்திருக்கிறேன். யாரும் யாரையும் சீண்டவில்லை. இடம் கிடைக்காதவருக்கு ஒரு காசு கொடுத்தும் பார்த்தேன். பிச்சை போட்ட மாதிரி இருந்தது.

இரண்டாவது சுற்றில் அந்த அம்மாவின் கடைசி ஆளுக்கு இடமில்லை. கைபேசியை எடுத்துவிட்டார். மூன்றாவது சுற்றில் அதே கதி நண்பனுக்கு. அவன் தன் நீல ஆளை லேத்தில் இருந்த என் சிவப்பு ஆளுக்குப் பின்னால் நிறுத்தினான்.

"ரூலை நீயா மாத்தாதடா," என்று எரிந்து விழுந்தேன்.

"இன்னா பண்ண சொல்ற மச்சான், கைய கட்டிகினு குந்தணுமா? பட்டறைல மிசின் காலி இல்லன்னா ஜாப்ப பக்கத்துல வெச்சிட்டு வருவோம்ல? அடுத்தது நம்மளுதுதான ஏறும்."

கடைய வேண்டிய இரும்பை எத்தனை வருடம் அப்படி இயந்திரத்தின் பக்கத்தில் வைத்திருக்கிறேன்! தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"விடுங்க சார், அப்படியே ஆடுவோம்," என்றார் அந்த அம்மா.

அங்கேயே விதி போட்டோம். ஓர் இடத்துக்குப் பின்னால் ஒருவர் மட்டும் நிற்கலாம்; அப்போதைக்கு ஒரு துண்டு இரும்பு கிடைக்கும். சுற்று முடிந்து மற்ற ஆட்கள் அவரவர் கைக்குத் திரும்ப, பின்னால் நிற்கும் ஆள் மட்டும் அடுத்த சுற்றில் முதலில் இயந்திரத்தில் ஏறுவான். ஆனால் அவனை வேறெங்கும் அனுப்ப முடியாது.

நான்காவது சுற்றில் நான் நம்பியிருந்த லேத் நண்பனிடம் போனது. கடைசி ஆள் என் கையில்; எட்டு இடமும் அடைபட்டிருந்தன. எதன் பின்னால் நிற்பது?

"வெல்டிங் பின்னாடி மட்டும் நிக்காதீங்க சார், அடுத்த சுற்றுக்கு அது எனக்கு வேணும்." அந்த அம்மாவின் கைபேசி கவிழ்ந்து கிடந்தது.

வெல்டிங்குக்குப் பின்னால்தான் நின்றேன். அப்படியும் கடைசியாகத்தான் வந்தேன். ஆட்டத்தை எடுத்துக்கொள்வதாக அவர் சொல்லவில்லை.

"இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்றுதான் கேட்டார்.

மனைவி நாற்காலியிலிருந்த சட்டையை எடுத்துப்போய் பீரோவுக்குள் வைத்தாள்.