இரண்டாவது கோரிக்கையில் இல்லாத வரி

கோயம்புத்தூரில் ஏழு பேர் வேலை செய்கிற ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் இருக்கிறேன். சாயப்பட்டறைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் மீட்டர்கள் என்ன காட்டுகின்றன என்பதை முதலாளிகள் போனிலேயே பார்த்துக்கொள்ளும்படி செய்து கொடுப்பது எங்கள் தொழில். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் வைத்திருப்போம். அது கால் மணிக்கு ஒருமுறை மீட்டர் அளவுகளை எங்கள் சர்வருக்கு அனுப்பும். கர்ல் என்ற நிரல்தான் அனுப்புகிற வேலையைச் செய்யும். யார் அனுப்புகிறார்கள் என்று சர்வர் தெரிந்துகொள்ள, கூடவே Authorization என்று தொடங்கும் ஒரு வரி போகும். அந்த நிலையத்துக்கென்று நாங்கள் கொடுத்த டோக்கன் அதில் இருக்கும். டோக்கன் என்பது ஒரு நீளமான ரகசிய எழுத்து வரிசை. அது சரியாக இருந்தால் சர்வர் வாங்கிக்கொள்ளும், இல்லையென்றால் 401, அதாவது அனுமதியில்லை என்று திருப்பிவிடும்.

ஒருமுறை சர்வரை வேறு முகவரிக்கு மாற்றினோம். எல்லா நிலையங்களிலும் பழைய முகவரியை எடுத்துவிட்டுப் புதியதைப் போட வேண்டியது என் பொறுப்பு. முக்கால்வாசி இடங்களில் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே மாற்றிவிட்டேன். பெருந்துறையில் ஒரு பட்டறைக்கு மட்டும் அந்த வசதியில்லை, நேரில் போக வேண்டும், அல்லது அங்கிருப்பவரைப் போனில் பிடித்து மாற்றச் சொல்ல வேண்டும். பஸ் ஏறவும் அலுப்பு, போனில் விளக்கவும் அலுப்பு. பழைய முகவரிக்கு வருவதைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் ஒன்றைப் போட்டேன். அனுப்பிய அளவுகள் மாறாமல் அப்படியே போகும்படி 308 என்ற வகை. கர்லும் திருப்பிவிட்டால் பின்தொடரும் விதமாகத்தான் அங்கே எழுதியிருந்தது. என் லேப்டாப்பில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். போனது. முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலேயே பட்டறை மேனேஜர் கூப்பிட்டார். "ஏனுங்க மேடம், நேத்து சாயந்தரத்திலிருந்து ஒண்ணுமே வர்லீங்க. முதலாளி போனப் பாத்துப்போட்டு என்னைய வாங்கு வாங்குன்னு வாங்குறாருங்க."

சுத்திகரிப்பு நிலையத்தில் அளவுகள் நின்றுபோவது சாதாரண விஷயமில்லை. சுத்தம் செய்யாத தண்ணீரைத் திறந்துவிட்டு மறைக்கிறார்களோ என்ற சந்தேகம்தான் யாருக்கும் முதலில் வரும்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டரைப் போனில் பிடித்தேன். நாற்பது வயதிருக்கும். பெருந்துறைக்குப் பக்கத்து ஊர்க்காரர். அப்பா அம்மா அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர்கள் என்றும், தான் டிப்ளமோ முடித்து இந்த வேலைக்கு வந்ததாகவும் மீட்டர் மாட்டப் போன அன்று சொல்லியிருந்தார். பேச்சில் அவ்வளவு பணிவு. ஆனால் மீட்டரைப் பற்றி அவர் கேட்ட கேள்விகள் எங்கள் அலுவலகத்திலேயே யாரும் கேட்காதவை.

"401 வருதுங்க மேடம்," என்றார்.

"டோக்கன மாத்துனீங்களா?"

"நான் எதையும் தொடலீங்க."

"யாராவது திறந்து பாத்தாங்களா?"

"கம்ப்யூட்டர் பூட்டுக்குள்ளதான் இருக்குதுங்க. சாவி எங்கிட்டத்தான்."

டோக்கனை எழுத்து எழுத்தாக வாசித்தார். என்னிடம் இருந்ததேதான். எங்கேயோ தவறாக வாசிக்கிறார் என்று நினைத்தேன். அங்கே இருக்கும் அதே கட்டளையை என் லேப்டாப்பில் மறுபடி ஓட்டினேன். 200 வந்தது. எல்லாம் சரி என்பதற்கான எண். சர்வர் சரி, ரீடைரக்ட் சரி, டோக்கன் சரி. அப்படியானால் தப்பு அவர் பக்கம்தான்.

அவர் விடவில்லை. "வேற ஏதாச்சும் பாக்கோணுங்களா மேடம்?" என்று கேட்டார். போனை வைக்க வேண்டும் எனக்கு. "கட்டளையில -v சேத்து ஓட்டுங்க. போறது வாரது எல்லாம் திரையில வரும். போட்டோ எடுத்து அனுப்புங்க, பாக்குறேன்," என்றேன்.

பத்து நிமிஷத்தில் போட்டோ வந்தது. கூடவே ஒரு செய்தி: "மேடம், மொதல் தடவ Authorization வரி இருக்குதுங்க. ரெண்டாவது தடவ இல்லீங்க. அது எங்கீங்க போச்சு?"

அந்தச் செய்தியின் முதல் வரியைத் திரையின் மேலே பார்த்தேன். விரலால் தள்ளிவிட்டேன். பிறகு மேனேஜருக்கும் எங்கள் முதலாளிக்கும் சேர்த்து ஒரு மெயில் எழுதினேன். "சர்வர் பக்கம் பரிசோதித்தோம், எந்தக் குறையும் இல்லை. நிலையத்தில் உள்ள கம்ப்யூட்டரில் டோக்கன் மாற்றப்பட்டிருக்க வாய்ப்புள்ளது." எழுதி முடித்ததும் நிம்மதியாக இருந்தது. சாப்பிடப் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து, வேறொரு படத்தைத் தேடும்போது அந்தப் போட்டோ கண்ணில் பட்டது. அப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். திரையைக் கொஞ்சம் சாய்வாக எடுத்திருந்தார். முதல் கோரிக்கை, அதாவது கர்ல் முதலில் அனுப்பியது, பழைய முகவரிக்குப் போயிருந்தது, Authorization வரியோடு. பழைய சர்வர் 308 சொல்லிப் புதிய முகவரியைக் கொடுத்திருந்தது. கர்ல் அங்கே இரண்டாவது கோரிக்கையை அனுப்பியிருந்தது. அளவுகள் இருந்தன, மற்ற வரிகள் இருந்தன, Authorization மட்டும் இல்லை. அதனடியில் 401.

இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஒரு முகவரிக்கென்று கொடுத்த ரகசியத்தை, அந்த முகவரி வேறு யாரையோ கைகாட்டியது என்பதற்காகக் கர்ல் அவர்களிடம் கொடுக்காது. இரண்டு சர்வரும் எங்களுடையவைதான் என்று அதற்கு எப்படித் தெரியும்? பெயர் வேறு, அவ்வளவுதான் அது பார்க்கும். கொடுத்துவிட்டால், திருப்பிவிடத் தெரிந்த எவனும் டோக்கனைப் பிடுங்கிக்கொள்ளலாம். கர்ல் செய்தது சரி. டோக்கனே வராதவனைச் சர்வர் உள்ளே விடாததும் சரி.

அப்படியானால் என் லேப்டாப்பில் எப்படிப் போனது? கர்லுக்கென்று ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஒரு அமைப்புக் கோப்பு வைத்துக்கொள்ளலாம். அதில் எழுதி வைத்தது ஒவ்வொரு முறையும் தானாகச் சேர்ந்துகொள்ளும். திறந்தேன். உள்ளே ஒரே வரி: location-trusted. எந்த முகவரிக்குத் திருப்பிவிட்டாலும் நம்பி ரகசியத்தைக் கொடு என்று அர்த்தம். என்றைக்கோ ஒரு சோதனையின்போது வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நான்தான் போட்டேன். எடுக்க மறந்துபோனேன். அந்தக் கோப்பைப் படிக்காதே என்று கட்டளையின் தொடக்கத்தில் -q சேர்த்து ஓட்டினேன். என் மேஜையிலும் 401 வந்தது.

வரியை அழித்தேன். நிலையத்துக்குப் போன் செய்து, புதிய முகவரியை நேரடியாகக் கட்டளையிலேயே போடச் சொன்னேன். ரீடைரக்டே இல்லாததால் ஒரே கோரிக்கை, அதில் வரி இருந்தது, அளவுகள் வர ஆரம்பித்தன. மீட்டரின் நினைவகத்தில் தங்கியிருந்த விட்டுப்போன அளவுகளையும் அனுப்பச் செய்தேன். போனில் பேசியது வேறு குரல்.

"அவர் இல்லீங்களா?"

"அவர வேற பக்கம் போட்டிருக்காங்க மேடம்."

வேறு பக்கம் என்றால் எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

எங்கள் முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவரில்லை. "சரி, ஆனது ஆச்சு. நம்ம தப்புன்னு எழுதுனா அடுத்த ஆர்டர் போயிரும்மா. பொதுவா எழுதிரு," என்றார். பொதுவாக எழுதினேன். "முகவரி மாற்றம் தொடர்பான தொழில்நுட்பக் காரணத்தால் ஏற்பட்ட தடை சரிசெய்யப்பட்டது." யாருடைய மாற்றம், யாருடைய காரணம் என்று அதில் எதுவும் இல்லை. மேனேஜர் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்துப் புது மீட்டர் மாட்ட அங்கே போக வேண்டி வந்தது. நிலையத்துக்குப் பின்னால், கழிவு வண்டலைப் பிழிந்து மூட்டை கட்டும் இடத்தைத் தாண்டித்தான் வழி. அங்கே ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டு ஒருவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் நீலமும் கறுப்புமாகச் சாயம். நான் தாண்டிப் போயிருப்பேன்.

"வாங்க மேடம்," என்றார்.

அந்த ஆபரேட்டர்தான். "நீங்க எங்கீங்க இங்க?" என்றேன், தெரியாதவள் போல.

"கம்ப்யூட்டர நோண்டிப்போட்டேன்னு சொல்லிட்டாங்க. அது இருக்குற பேனல் ரூமுக்குள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க." சிரிக்கப் பார்த்தார். "உங்க மெயில மேனேஜர் படிச்சுக் காட்டுனாருங்க."

"அது என் தப்புங்க. நீங்க எதுவும் செய்யல."

"எனக்குத் தெரியுமுங்க," என்றார். கையுறையைக் கழற்றினார். பிறகு கேட்டார், "நான் அனுப்புன போட்டோவப் பாத்தீங்களா மேடம்?"

நெட் கிடைக்கவில்லை, தாமதமாகத்தான் வந்தது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் முதலில் வாயில் வந்தது.

"வந்தது தெரியும். தெறந்து பாக்கல. ரெண்டு நாள் கழிச்சுத்தான் பாத்தேன். நீங்க கேட்டிருந்தது சரியான கேள்வி. மெயில் எழுதறதுக்கு முன்னாடி பாத்திருந்தா எல்லாம் அப்பவே முடிஞ்சிருக்கும்."

அவர் கையுறையை மூட்டையின் மேல் போட்டார். "ஊட்டுல கேக்கறாங்க மேடம், துணியெல்லாம் ஏன் இப்பிடி நாறுதுன்னு. என்னன்னு சொல்றதுங்க?" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மேனேஜர் அறைக்குப் போனேன். எங்கள் முதலாளியைக் கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து தமிழில் ஒரு மெயில் எழுதினேன். முகவரியை மாற்றியது நான். நேரில் வந்து செய்ய வேண்டியதைச் செய்யாமல் ரீடைரக்ட் போட்டது நான். வேறு முகவரிக்குப் போகும்போது கர்ல் டோக்கனை விட்டுவிடும் என்பதைக் கவனிக்காமல், தவறான அமைப்புள்ள லேப்டாப்பில் சோதித்ததும் நான். ஆபரேட்டர் எதையும் தொடவில்லை. காரணத்தை முதலில் கண்டுபிடித்தவரே அவர்தான். அவருடைய போட்டோவையும் இணைத்தேன். அனுப்பிவிட்டு மேனேஜரிடம் வாயாலும் சொன்னேன்.

அவர் போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்களே அம்மணி," என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வரியைத்தான் நானும் எனக்கு அத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து ஆபரேட்டர் பழைய வேலைக்கு வந்துவிட்டார். எங்கள் முதலாளி ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆர்டர் போகவில்லை. போயிருந்தாலும் அந்த மெயிலை எழுதியிருப்பேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவரை அந்த மூட்டையோடு பார்த்திராவிட்டால் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ஆபரேட்டர் இப்போதும் ஏதாவது பிரச்சினை என்றால் கூப்பிடுவார். ஆனால் என் எண்ணுக்கு இல்லை, அலுவலக எண்ணுக்கு. நான் எடுத்தால், "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று விசாரித்துவிட்டு, வேறு யாராவது இருக்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்பார். போனைக் கொடுத்துவிடுவேன்.