மனோங் செப்யோவின் குரலும் பத்தில் ஒரு பங்கும்

எங்கள் இலோய்லோ நகரில் யார் செத்தாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். வானொலி நிலையத்தின் முன்மேசையில் உட்கார்ந்து மரண அறிவிப்புகளை வாங்குவது நான். பெயர், வயது, பிள்ளைகள், எந்தக் கோயிலில் பூசை, எந்தக் கல்லறையில் அடக்கம், இவ்வளவையும் எழுதி உள்ளே அனுப்புவேன். விடிகாலையில் சோக இசை பின்னால் ஓட, எவுசேபியோ பல்மாரெஸ் அதைப் படிப்பார். ஊருக்கு அவர் மனோங் செப்யோ. மனோங் என்றால் மூத்த ஆணுக்குத் தரும் மரியாதை, பெண்ணுக்கு மனாங். அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற கனத்த குரல். சாகிற வயதில் இருப்பவர்கள் வெளிப்படையாகவே சொல்லிவைப்பார்கள், “என் பேரை செப்யோதான் படிக்கணும்” என்று. சவப்பெட்டிக் கடைக்காரரும் அந்தக் குரலுக்காகத்தான் எங்களுக்கு விளம்பரம் கொடுத்தார்.

போன பிப்ரவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மார்ச்சில் அவர் மனைவி பூரிஃபிகாசியோன் இறந்துபோனாள். இவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாய் கோணிக் கிடந்தார். ஊரிலுள்ள எல்லாப் பிணத்துக்கும் பெயர் படித்த மனிதருக்குத் தன் மனைவியின் பெயரைப் படிக்க நாக்கு எழவில்லை. நிலைய மேலாளர் டெல்ஃபினின் மருமகன் ஜெரிக் என்ற பொடியன், இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே அவள் பெயரை உருட்டித் தள்ளினான். அந்தக் காலையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஜூலையில் செப்யோ திரும்பி வந்தார். குரல் போகவில்லை, அதே கிணறு. சொற்களும் தெளிவு. ஆனால் வேகம் போய்விட்டது. ஒவ்வொரு பெயரையும் பாரமான பெட்டியை இறக்குவதுபோல இறக்கினார். கால் மணி நேர நிகழ்ச்சிக்குள் அன்றைய பிணங்கள் அடங்கவில்லை.

எங்கள் ஒலிப்பதிவுக்காரன் ஜுனெல்தான் வழி கண்டுபிடித்தான். முந்தின நாள் மாலையே செப்யோவைப் படிக்கவைத்துப் பதிவு செய்துகொள்வான். அவர் வீட்டுக்குப் போனபின் கணினியில் உட்கார்ந்து, மூச்சுச் சத்தத்தை விட்டுவிட்டு, வெறும் இடைவெளிகளை மட்டும் நறுக்குவான். பிறகு மொத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு வேகப்படுத்துவான். இசையை அதற்கு அப்புறம்தான் அடியில் சேர்ப்பான். முதலிலேயே சேர்த்தால் இசையும் சேர்ந்து ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும்.

“குரல் கீச்சுனு ஆயிடாதாடா?” என்று கேட்டேன்.

“அது பழைய டேப்புல, மனாங். டேப்ப வேகமா சுத்தினா ஒலி அலையே நெருங்கிடும், அதனாலதான் எலி மாதிரி கத்தும். இது குரல துண்டு துண்டா வெட்டுது. கண் இமைக்கறதவிட சின்னத் துண்டு. அலைக்கு அலை பொருத்தி, ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி ஒட்டுது. உன் பாவாடையில மடிப்பு வெச்சுத் தைக்கறியே, பூ அதே அளவுலதான இருக்கு? துணி மட்டும்தான நீளம் குறையுது?”

“அப்ப இன்னும் கொஞ்சம் மடிக்கலாமே?”

“பேராசை வேண்டாம். ரொம்ப இழுத்தா எழுத்தெல்லாம் முழுங்கிடும், தகர டப்பாக்குள்ள பேசற மாதிரி ஆயிடும். பத்துல ஒண்ணு, அவ்வளவுதான். பெத்த தாய்க்கும் தெரியாது.”

அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன், நல்ல மனசோடுதான் செய்தான். டெல்ஃபின்தான், “கெழவன்கிட்ட ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது” என்று உத்தரவு போட்டான். சவப்பெட்டிக் கடைக்காரரின் விளம்பரம் போய்விடக் கூடாதே.

செப்யோ தினமும் விடிகாலையில் வீட்டில் உட்கார்ந்து தன்னையே கேட்டார். பழைய செப்யோ படித்துக்கொண்டிருந்தார். அவர் முகம் மலர ஆரம்பித்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் போவதை நிறுத்திவிட்டார். பட்சோய்க் கடையில் நூடுல்ஸ் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, “கேட்டீங்களா... இன்னிக்கு... நான் எப்படி?” என்று நிறுத்தி நிறுத்திக் கேட்பார். எதிரில் இருப்பவர்கள் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டு சிரிப்பார்கள். நேரில் தடுமாறுவதற்கும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். மைக் முன்னால் உட்கார்ந்தால் தானாக வந்துவிடுகிறதாம்.

அக்டோபரில் மேலாளர் அறைக்குப் போய், கல்லறைத் திருநாள் நேரடி ஒலிபரப்பைத் தானே செய்யப்போவதாகச் சொன்னார். ஆண்டுதோறும் நவம்பர் முதல் தேதி கல்லறைத் தோட்டத்திலிருந்து அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை ஒரு மணி நேரம் படிப்போம். குடும்பங்கள் கல்லறைகளின்மேல் பாய் விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சோறும் கறியும் தின்றுகொண்டு, தங்கள் பெயர் வரக் காத்திருக்கும். படிக்கிறவர் வீட்டுச் சாவு இருந்தால் அதைக் கடைசியில் படிப்பதுதான் மரியாதை. பூரிஃபிகாசியோனைக் கடைசியில் தன் வாயால் படிக்க வேண்டும். அவருக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலையே நான் உத்தரவைத் தூக்கி மூலையில் போட்டேன். அவரை மாடிப்படியில் மறித்துச் சொன்னேன்.

“மனோங், ரேடியோல வர்றது நீங்க படிச்ச வேகம் இல்ல. ஜுனெல் மெஷின்ல வேகப்படுத்தறான்.”

அவர் கோபப்படவே இல்லை. விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். இளையவளைச் செல்லமாகக் கூப்பிடும் சொல்லால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“இண்டாய்... நான் டேப் காலத்து ஆளு. வேகமா ஓட்டினா... குரல் மெலியும். எத்தனை தடவை... தப்பா ஓட்டி... திட்டு வாங்கியிருக்கேன். இது... என் குரல். அடித்தொண்டை... அப்படியே இருக்கு.”

“இப்ப வேற மாதிரி மெஷின் வந்திருக்கு, மனோங். பாவாடை மடிப்பு மாதிரி...”

“பாவாடையா?” வாய் விட்டுச் சிரித்தார். “உன்கிட்ட... யாரோ... கதை விட்டிருக்காங்க.”

வாழ்நாள் முழுக்க ஒலியோடு வாழ்ந்தவர், அந்த அனுபவமே அவர் காதைக் கட்டிப்போட்டது. குரல் கொஞ்சம் கீச்சிட்டிருந்தால்கூட அந்த மனிதர் பிழைத்திருப்பார்.

நான் டெல்ஃபினிடம் போனேன். “நேரடி ஒலிபரப்புல மெஷின் கிடையாதே, அவமானப்பட்டுடுவாரு” என்றேன்.

டெல்ஃபின் பல்லிடுக்கில் குச்சியை வைத்துக்கொண்டு சொன்னான்: “படட்டுமே. நான் அவர வெளிய அனுப்பினா ஊரு என்னைத் திட்டும். ஊரே காதால கேட்டுட்டா? அவரே போயிடுவாரு. ஜெரிக்க தயாரா இருக்கச் சொல்லு.”

அடப் பாவி என்று மனசுக்குள் சொன்னேன். வெளியிலும் சொல்லியிருப்பேன், வீட்டில் மூன்று வயிறுகள் இருக்கின்றன.

செப்யோ ரேடியோவைக் கேட்டுக் கணக்குப் போட்டிருந்தார். காலை நிகழ்ச்சியில் கால் மணிக்கு எத்தனை பெயர் போகிறதோ, அதை நாலால் பெருக்கி அவ்வளவு பெயர்களை ஏற்றுக்கொண்டார். “சேர்த்துக்க, இண்டாய்... எல்லாரையும்... சேர்த்துக்க” என்று தாராளமாகச் சொன்னார். கடைசி வரியில் தன் கையாலேயே மனைவியின் முழுப்பெயரை எழுதினார்.

திருநாளன்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து மேடையில் உட்கார்ந்தார். ரேடியோவில் போவதுதான் தோட்டத்து ஒலிபெருக்கியிலும் வரும். முதல் பெயர் வந்தபோது கூட்டம் அமைதியானது. ஐந்தாவது பெயருக்குள் தலைகள் திரும்பின. பத்தாவது பெயருக்குள் சிரிப்பு ஆரம்பித்தது.

“இவரு முடிக்கறதுக்குள்ள நாமளும் உள்ள படுத்துடுவோம்டா!” என்று ஒரு வாலிபன் கத்தினான்.

“பேட்டரி மாத்துங்கப்பா!” என்றான் இன்னொருவன்.

அவருக்குக் கேட்டது. நெற்றி வேர்த்தது. வேகமாகப் படிக்கப் பார்த்தார், நாக்கு மடங்கி ஒரு பெயர் குழறியது. அந்தப் பெயருக்கு உரியவளின் மகள் எழுந்து, “எங்கம்மா பேரக் கெடுக்காதய்யா!” என்று அழுதாள். அதன்பிறகு அவர் பழையபடி மெதுவாகவே படித்தார். அவரால் முடிந்த வேகம் அதுதான். தீர்த்தம் தெளிக்க வந்த பாதிரியார் இரண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு மணி நேரம் முடிந்தபோது இன்னும் ஒரு பக்கம் இருந்தது. நிலையத்தில் உட்கார்ந்திருந்த டெல்ஃபின் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. ஒரு பெயரின் பாதியில் ஒலிபெருக்கி ‘கிளுக்’ என்றது. உடனே சோப்பு விளம்பரம் ஒன்று துள்ளிக் குதித்துப் பாடியது. கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

செப்யோ நிறுத்தவில்லை. செத்த மைக்கில் மீதிப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனார். உதடு அசைந்தது, சோப்புப் பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வரிக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்தார். அவள் பெயரை அப்படி ஒரு பாட்டுக்கு அடியில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்த ஜுனெலைக் கூப்பிட்டார்.

“எவ்வளவு... வேகப்படுத்துவ?”

ஜுனெல் தலையைத் தூக்கவில்லை. “பத்துல ஒண்ணு, மனோங். இடைவெளிய வெட்டறது தனி.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“நல்லா... செஞ்சிருக்கடா. எனக்கே... தெரியல.” அவன் தோளைத் தட்டிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார். அவன் கம்பிச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். அந்த அழுகை யாருக்கு என்ன பிரயோசனம்?

மறுநாள் காலை செப்யோ என் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றார். ஆமாம், வரிசையில். துக்க வீட்டுக்காரர்களுக்குப் பின்னால், கையில் ஒரு துண்டுத்தாளோடு. அதில் பூரிஃபிகாசியோன் தெலோசோ பல்மாரெஸ் என்ற பெயர் மட்டும் இருந்தது.

“இத... யாரு படிப்பாங்க, இண்டாய்?”

“ஜெரிக், மனோங்.”

“மெதுவா... படிக்கச் சொல்லு.”

நான் ஜெரிக்கின் காதைப் பிடித்துத் திருகாத குறையாகச் சொன்னேன். அந்தப் பொடியனும், எந்தப் புண்ணியமோ, மாலைப் பதிவில் ஒழுங்காக, நிறுத்தி, மரியாதையாகப் படித்தான். கதவோரம் நின்று கடைசிவரை கேட்டேன்.

டெல்ஃபின் எட்டிப் பார்த்தான். “கொஞ்சம் நீளுதே. சோப்புக்காரன் இன்னொரு விளம்பரம் கேக்கறான். ஜுனெல், பத்துல ஒண்ணு போடு.”

ஜுனெல் என்னைப் பார்த்தான், நான் ஜுனெலைப் பார்த்தேன். பிறகு அவன் பொத்தானை அழுத்தினான்.

விடிகாலையில் அவள் பெயர் ஒலிபரப்பானது. ஜெரிக்கின் குரல் துளியும் மாறவில்லை, இசை அதன் போக்கில் ஓடியது, ஊரில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வீட்டில் மட்டும் தெரிந்திருக்கும். அந்தப் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.