மஞ்சள் பக்கம் சாய்ந்த முகம்

அந்த வருடம் கல்யாண சீசன் முடிந்தபோது எனக்குக் கண்ணும் கழுத்தும் போய்விட்டிருந்தன. போர்ட்பிளேரில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடிட் செய்கிற வேலை. வீடு இருக்கிற கராச்சர்மாவிலிருந்து காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வரை ஒரே நாற்காலி. கரண்ட் போனால் ஜெனரேட்டர், அது உறுமுகிற உறுமலில் தலைவலி. ஓய்வென்று நாலு நாள் கேட்கலாம் என்று நினைத்திருந்தபோதுதான் ஹேவ்லாக் தீவிலிருந்து புது வேலை வந்தது.

அங்கே ஒரு ரிசார்ட். தங்கள் ஊழியர்களைப் படமெடுத்து வரவேற்பறைச் சுவரில் வரிசையாக மாட்டப் போகிறார்களாம். எங்கள் ஸ்டுடியோ முதலாளி, ராமநாதபுரத்துக்காரர், நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், அவரே போய் எடுத்து வந்தார். ஒவ்வொருவருக்கும் மூன்று படம். வேலை செய்கிற இடத்தில் ஒன்று, தென்னந்தோப்பு நிழலில் ஒன்று, கடற்கரையில் ஒன்று. சமையலறையில் ட்யூப்லைட், தோப்பில் இலைப் பச்சை மூஞ்சியில் அடிக்கிறது, கடற்கரையில் சாயங்கால வெயில். ஒரே ஆள் மூன்று படத்தில் மூன்று ஆளாகத் தெரிந்தார்.

"எல்லாரும் எல்லா படத்துலயும் ஒரே மாதிரி தெரியணும்னு மேனேஜர் சொல்றார்மா. பக்கத்துப் பக்கத்துல மாட்டுவாங்களாம்."

"கொஞ்சம் மேகமூட்டமா பாத்து எடுத்திருக்கலாம்ல அண்ணே?"

"மேகத்துக்கு நான் ஆர்டர் குடுக்க முடியுமா?"

அலுத்துப்போன கண்ணை நம்பி நிறம் பார்க்க முடியாது. பத்து நிமிடம் பச்சை முகத்தைப் பார்த்தால் பச்சையே சரியென்று தோன்றிவிடும். அதனால் நான் படங்களை வீடியோ எடிட் செய்கிற மென்பொருளில் போட்டு, முகத்தை மட்டும், நெற்றியும் கன்னமும் வருகிற மாதிரி வெட்டி, வெக்டர்ஸ்கோப்பில் பார்ப்பேன். அது ஒரு வட்டம். நிறமே இல்லாத வெள்ளையும் சாம்பலும் கறுப்பும் நடுப்புள்ளியில் குவியும். நிறம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தத் திசையில் புள்ளிகள் நீளும். நிறம் அடர்ந்தால் நடுவை விட்டுத் தூரம் போகும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையில் ஒரு கோடு வரைந்திருக்கும். மனிதத் தோல் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். வங்காளிச் சமையல்காரர், ராஞ்சியிலிருந்து வந்த தோட்டக்காரர், நிக்கோபாரிப் படகோட்டி, எல்லாரும் அங்கேதான். கறுப்பா சிவப்பா என்பது அந்த வட்டத்துக்குத் தெரியாது. எல்லாத் தோலுக்கும் அடியில் ஓடுவது ஒரே ரத்தம்தானே.

ஒவ்வொரு படமாக எடுத்து, பச்சையைக் குறைத்து, வெயிலைத் தணித்து, கோட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒருவருக்கு மூன்று படமும் ஒரே இடத்தில் விழுந்தால் அடுத்தவர். அலுப்பான வேலை, ஆனால் நடந்துகொண்டிருந்தது. துணி துவைக்கிற பகுதியில் வேலை பார்த்த அக்காவிடம் வந்து நின்றுபோனது.

நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, ஒடுங்கிய முகம், சிரிப்பு வரவில்லை. மூன்று படத்திலும் அவர் முகம் கோட்டைத் தாண்டி மஞ்சள் பக்கம் கிடந்தது. வெளிச்சம்தான் காரணம் என்று நினைத்து மொத்தப் படத்தையும் நீலம் பக்கம் தள்ளினேன். முகம் கோட்டுக்கு வந்தது. நடுவில் இருக்க வேண்டிய வெள்ளைச் சட்டை நீலம் பூத்துவிட்டது. திரும்பப் பழைய மாதிரி வைத்தேன். சட்டை சரி, முகம் மஞ்சள். ஒரு படத்தில் அவர் பக்கத்தில் கூட வேலை செய்கிற பெண்ணும் நின்றிருந்தாள். அதே வெளிச்சம். அவள் முகம் ஒழுங்காகக் கோட்டில் விழுந்தது.

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"மஞ்சள் பூசியிருக்கும்மா. நம்ம ஊர்ப் பொம்பளைங்கதானே. மூஞ்சிய மட்டும் செலக்ட் பண்ணி லைன்ல கொண்டு வந்து விடு. டைம் இல்ல."

அப்படியே செய்யலாம் என்றுதான் படத்தைப் பெரிதாக்கினேன். கழுத்தும் மஞ்சள். கையும் மஞ்சள். கண்ணின் வெள்ளையிலும் அதே நிறம். கண்ணில் யார் மஞ்சள் பூசுவார்கள்?

"நாம போட்டோக்காரங்கம்மா, டாக்டர் இல்ல," என்றார் அண்ணன். சொல்லிவிட்டு அவரும் குனிந்து பார்த்தார். பிறகு ரிசார்ட்டுக்குப் போன் போட்டு, அந்த அக்காவைக் கூப்பிடச் சொல்லி என் கையில் கொடுத்தார்.

நெட்வொர்க் விட்டு விட்டு வந்தது. படத்தில் முகம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிகிறது, மஞ்சள் பூசுகிற பழக்கம் உண்டா என்று கேட்டேன்.

"எனக்கென்னாத்துக்கும்மா மஞ்சளு? சுனாமியில அவரு போனதுலேருந்து தொட்டதில்ல. அப்ப நாங்க கச்சால் தீவுல ரப்பர் தோட்டத்துல இருந்தோம்."

அவரே தொடர்ந்தார்.

"ஏன், போட்டோ கெட்டுப்போச்சா? மறுபடி வந்து நிக்கணுமா?"

"இல்லக்கா. உடம்பு எப்படி இருக்கு? சோறு சாப்பிட முடியுதா?"

"ரெண்டு வாரமா எறங்கல. வவுத்துல வலது பக்கம் வலி வருது போவுது. ஒண்ணுக்கு தேயிலச் சாயம் மாதிரி போவுது. வெயிலுன்னு நெனச்சேன்."

"அக்கா, கண்ணாடியில கண்ணப் பாருங்க. பீலியாவா இருக்கலாம், மஞ்சக்காமாலை. நாளைக்கே போட் ஏறி இங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"லீவு குடுக்க மாட்டாகளே."

அண்ணன் போனை வாங்கி மேனேஜரிடம் ஹிந்தியில் பேசினார். பீலியா, பானி, கெஸ்ட் லோக் என்ற வார்த்தைகள் காதில் விழுந்தன. தண்ணீரால் வந்ததாக இருந்தால் விருந்தாளிகளுக்கும் பரவும் என்று அவர் சொன்னதும் லீவு கிடைத்துவிட்டது. மறுநாள் போட்டிலேயே அந்த அக்கா வந்தார்.

தண்ணீரால் வந்ததில்லை. பித்தப்பையிலிருந்து இறங்கிய கல் குழாயில் அடைத்துக்கொண்டிருந்தது. ஆபரேஷன் என்றார்கள்.

இதற்கிடையில் மேனேஜர் படங்களைக் கேட்டுத் தினமும் போன் செய்தார். அந்த அக்காவின் படத்தை விட்டுவிடலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, வரிசையில் ஓட்டை விழும், சரிசெய்து கொடுங்கள் என்று பதில் வந்தது. முகம், கழுத்து, கை, கண்ணின் வெள்ளை ஆகியவற்றை மட்டும் தனியாகப் பிரித்து நிறத்தைத் திருப்பினேன். சட்டையைத் தொடவில்லை. மூன்று படமும் கோட்டில் போய் உட்கார்ந்தன. வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அன்று சாயங்காலம் வார்டுக்குப் போனேன். சரிசெய்யாத முகத்தோடு அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நீதானா அந்தப் புள்ள? கம்ப்யூட்டர் சொல்லிச்சாமே."

"உங்க நிறம் சரியில்லேன்னு மட்டும்தான்க்கா சொல்லிச்சு."

"கண்ணாடியில தெனம் பாக்கத்தான் செஞ்சேன். எனக்குத் தெரியலியே."

தினம் பார்க்கிற முகத்தில் அது தெரியாதுதான். எனக்கும் வெறும் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் தேறி எழுந்திருக்க நாளாயிற்று. அதற்குள் ரிசார்ட்டில் அவர் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். படத்தை மட்டும் கழற்றவில்லை என்று, ஹேவ்லாக் போய்வந்த அண்ணன் சொன்னார். பிறகு போர்ட்பிளேரிலேயே, பத்துபஸ்தியில் ஒரு லாட்ஜில் அவருக்குத் துணி துவைக்கிற வேலையே கிடைத்தது. எப்போதாவது பஸ்ஸில் பார்ப்பேன். இடமிருந்தால் நகர்ந்து உட்காரச் சொல்வார். எண்ணெய் சேர்த்தால் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை என்பார், நான் கழுத்து வலியைச் சொல்வேன். இரண்டு பேருக்குமே பேசத் தெம்பு அவ்வளவுதான் இருக்கும். அவர் இறங்கிய பிறகு ஜன்னல் பக்கம் நகர்ந்து நான் கண்ணை மூடிக்கொள்வேன்.