அன்ரி வீட்டுப் பக்கம் சாய்ந்த கோபுரம்

கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு செங்கல் மணிக்கோபுரம் நிற்கிறது. ஒல்லியானது, உயரமானது. அது தெற்கே சாயத் தொடங்கியபோது, அதை நிமிர்த்தும் வேலை நான் கூலிக்குப் போகும், நிலத்தில் துளையிடும் கம்பனிக்குக் கிடைத்தது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆட்களோடு கதைக்கவும் கூச்சப்படுவேன். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால் யாரும் கதைக்க வரமாட்டார்கள் என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

கோபுரத்தின் தெற்கே, வேலிக்கு அப்பால் ஒரு சின்ன வீடு. அதில் வயதான ஒரு அன்ரி தனியாக இருந்தார். கோபுரம் விழுந்தால் அவர் சமைக்கும் குசினிக்கு மேல்தான் விழும். அதனால் அவரை வெளியேற்றி மார்க்கம் நகரில் மகனுடைய வீட்டு பேஸ்மென்ற்றில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கோபுரம் போதிய அளவு நிமிர்ந்தால்தான் திரும்பி வரலாம். நிமிராவிட்டால் மேற்பாதியைக் கழற்ற வேண்டும். அதற்கு எவ்வளவு காலம் போகுமென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மகன் வேலைக்குப் போகும் வழியில் அன்ரியைக் கோயிலடியில் இறக்கிவிடுவார். அன்ரி வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்பார்.

“தம்பி, நிமிந்திட்டுதோ?”

“கொஞ்சம், அன்ரி.”

“உந்தக் கொஞ்சம் எண்டதை நேற்றும் சொன்னனீர்.”

நான் தலையைக் குனிந்துகொண்டு இயந்திரத்தடிக்குப் போய்விடுவேன்.

கோபுரம் ஏன் சாய்ந்தது என்பதை எங்கள் பொறியியலாளர், ஒரு இளம் பிள்ளை, முதல் நாளே விளக்கியிருந்தாள். இங்கே பிறந்தவள், தமிழும் இங்கிலீஷும் கலந்து வேகமாகக் கதைப்பாள். கோபுரத்தின் தென்பாதி, முன்னொரு காலத்தில் ஓடிய சிற்றாற்றை மூடி நிரப்பிய மண்ணில் நிற்கிறதாம். கூரைத் தண்ணீர் முழுதும் அங்கேதான் விழுந்தது. குளிர்காலத்தில் வாகனத் தரிப்பிடத்துச் சினோப் பனியையும் அங்கேயே குவித்தார்கள். இளகிய களிமண் அந்தப் பக்கம் கொஞ்சம் அமிழ்ந்தது. அடி சிறியது, உடம்பு உயரமானது. அடியில் விரல் தடிப்பளவு இறங்கினால் உச்சியில் அது பல மடங்காகத் தெரியும். சாய்ந்ததும் பாரமும் அந்தப் பக்கமே போய் மண்ணை இன்னும் அமுக்கும்.

“அதால தெற்கைத் தூக்கிறேல்ல அங்கிள். வடக்கை மெதுவா இறக்கிறம். ஸ்லோலி, ஓகே?”

கூரைத் தண்ணீரை முதலில் வேறு பக்கம் திருப்பினோம். உச்சியிலிருந்து வடக்கே இரும்புக் கம்பிவடங்கள் கட்டினோம். அவை இழுத்து நிமிர்த்துவதற்கல்ல, தற்செயலாகச் சரிந்தால் பிடித்துக்கொள்வதற்கு. அத்திவாரத்தைச் சுற்றிக் கொங்கிறீற் பட்டி ஒன்று போட்டு, அதன் வடக்கு ஓரத்தில் பெரிய கொங்கிறீற் கட்டிகளை அடுக்கினோம். அந்தப் பாரம், உயர்ந்து நின்ற பக்கத்தைக் கீழே அமுக்கும். பிறகு வடக்கு ஓரத்துக்குக் கீழே சரிவாகக் குழாய்களை இறக்கி, ஒவ்வொன்றின் வழியாகவும் கொஞ்சம் மண்ணைத் துருவி எடுத்தோம். குழாயைப் பின்னுக்கு இழுத்ததும் மிருதுவான களிமண் ஊர்ந்து வந்து அந்த வெறுமையை மூடும். மேலே அத்திவாரத்தின் ஓரம் தாழும். ஒருநாள் எடுத்தால் அடுத்த நாள் பார்த்துத்தான் இன்னும் எடுப்பதா, நிறுத்துவதா என்று முடிவு. அவசரப்பட்டு எடுத்தால் கோபுரம் மறுபக்கம் சாய்ந்துவிடும்.

பார்ப்பது என் வேலை. கோபுரத்தினுள்ளே மணி தொங்கும் உத்தரத்திலிருந்து நீளமான நூலில் இரும்புக் குண்டு ஒன்று தொங்கியது. மேசன்மார் தூக்குக்குண்டு என்பார்கள். ஆடாமலிருக்க அதை எண்ணெய்ச் சட்டிக்குள் அமிழ்த்தியிருந்தோம். நூல் எங்கே நிற்கிறதென்று பக்கத்துப் பலகையில் கோடு போடுவேன். சூரியன் சுவரைச் சுட முன்னர் பார்க்க வேண்டும். வெயில் பட்ட பக்கத்துச் செங்கல் விரிந்து கோபுரமே கொஞ்சம் வளைந்து காட்டும். நூல் நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்துகொண்டிருந்தது.

கோயில் திருவிழாவுக்கு முந்திய திங்கட்கிழமை காலையில் பார்த்தேன். நூல் பின்னால் போயிருந்தது, அன்ரி வீட்டுப் பக்கம். சட்டியைத் தட்டிவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு நூல் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து மறுபடி பார்த்தேன். அதே இடம்தான்.

வெளியே வந்து பார்த்தபோது வடக்கில் கட்டிகள் ஒன்றும் இல்லை. எல்லாம் தெற்கே, அத்திவாரத்தோடு ஒட்டி, கோபுரத்துக்கு முட்டுக் கொடுத்தது போல அழகாக அடுக்கப்பட்டிருந்தன.

பொறியியலாளர் பிள்ளை லேசரில் பார்த்துவிட்டு வந்தாள். முகம் சிவந்திருந்தது.

“அங்கிள், ஹூ மூவ்ட் தெம்? யார் மாத்தினது?”

வேலியடியில் அன்ரி நின்றார்.

“நான்தான் சொன்னனான், பிள்ளை. நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, திருவிழாப் பந்தல் போட இடம் வேணும் எண்டு கோயில் பெடியள் பாரம் தூக்கிற போர்க்லிப்ற் கொண்டு வந்தவங்கள். கல்லெல்லாம் அங்கால சும்மா கிடக்குது, எடுத்து இஞ்சால வையுங்கோ எண்டன். சாயிற பக்கம் தானே முட்டுக் குடுக்கிறது? வாழைக்கும் அப்பிடித்தானே?”

பிள்ளைக்கு வாழைக்கு முட்டுக் கொடுப்பதெல்லாம் தெரியாது. “நோ அன்ரி, இற் இஸ் வேர்ஸ்...” என்று தொடங்கிப் பாதியில் தமிழ் வராமல் என்னைப் பார்த்தாள். அன்ரியும் என்னைத்தான் பார்த்தார். ஓடிப்போய் ஒளிய இயந்திரம் கூட அப்போது ஓடவில்லை.

“அன்ரி,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இருமிக்கொண்டு மறுபடி சொன்னேன். “மெத்தையில ஒரு தண்ணிப் போத்தலை நிப்பாட்டிப்போட்டு, அதுக்குப் பக்கத்தில நீங்கள் போய்க் குந்தி இருந்தா, அது எங்கால சாயும்?”

அன்ரி யோசித்தார். “என்ர பக்கம்.”

“வாழைக்குக் கீழ தரை இறுக்கம். இஞ்ச மண் மெத்தை. கல்லு கோபுரத்தைத் தாங்கேல்ல, மண்ணைத்தான் அமத்துது.”

அன்ரி கட்டிகளைப் பார்த்தார், பிறகு தன் வீட்டுக் கூரையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஆனால் வாயில் சிரிப்பும் வந்தது.

“அப்ப நான்தான் அதுக்குப் பக்கத்தில போய் இருந்திருக்கிறன். என்ர கனத்துக்குச் சாயாம என்ன செய்யும்?”

“உங்கட கனமில்லை அன்ரி, கல்லின்ர கனம்.”

“சரி சரி, சமாளியாதையும். இனி நான் மார்க்கத்திலயே கிடக்க வேண்டியதுதானோ?”

பிள்ளை அதை விளங்கிக்கொண்டு இல்லையென்று தலையாட்டினாள். “இல்ல அன்ரி. கேபிள் பிடிச்சிருக்கு. கொஞ்ச நாள் டிலே மட்டும்தான்.”

அன்று பின்னேரத்துக்குள் அதே பெடியள் முணுமுணுத்துக்கொண்டே கட்டிகளை வடக்கே கொண்டுபோய் வைத்தார்கள். பந்தலை வாகனத் தரிப்பிடத்தின் மற்ற மூலையில் போட்டார்கள். அமிழ்ந்த மண் திரும்பி மேலே வரவில்லை. அதற்காக வடக்கில் இன்னும் மண் எடுக்க வேண்டியிருந்தது. அன்ரி வேலியடிக்கு வருவதை நிறுத்தவில்லை. கேள்வி மட்டும் மாறிவிட்டது. “நூல் எங்கால நிக்குது?” என்று கேட்பார். நானும் நின்று பதில் சொல்லப் பழகினேன்.

முழுவதும் நேராக நாங்கள் அதை நிமிர்த்தவில்லை. ஆபத்தில்லாத அளவுக்கு வந்ததும், பல வாரம் பார்த்து, அசையவில்லை என்று உறுதியான பிறகுதான் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். அன்ரி இலையுதிர் காலத்தில் வீட்டுக்குத் திரும்பினார்.

தேத்தண்ணி குடிக்க வரும்படி கூப்பிட்டிருந்தார். குசினி யன்னலில் திரைச்சீலைக் கம்பியிலிருந்து ஒரு தையல் நூல் தொங்கியது. அதன் நுனியில் கட்டியிருந்த ஒரு இரும்பு நட், தண்ணீர் நிரம்பிய பழைய ஜாம் போத்தலுக்குள் அமிழ்ந்திருந்தது. யன்னலுக்கு வெளியே கோபுரம்.

அன்ரி ஒரு கண்ணை மூடி நூலோடு ஒட்டிப் பார்த்தார்.

“இண்டைக்கும் நேற்றைய இடத்திலதான் நிக்குது,” என்றார். “சீனி போடட்டோ, தம்பி?”